உளவியல் அளவுகோலின் தமிழாக்கமும் கூற்றுகளின் பொருள் நிகர்மையும்: ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோலின் எட்டாம் கூற்றை முன்வைத்து

முன்னுரை

உளவியல் அளவுகோலை மொழிபெயர்க்கும்போது சொற்பொருள் மாறாதிருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கூற்றும் மூலமொழியினர்க்கு உணர்த்தும் உளநிலையையே பெயர்ப்புமொழியினர்க்கும் உணர்த்த வேண்டும். இந்நிகர்மை குலையும் முறையையும் அதனைக் கண்டறியும் வழியையும் மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோலின் ஒரு கூற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கூற்றின் சிக்கல்

இவ்வளவுகோலின் பத்துக் கூற்றுகளுள் ஐந்து தன்மதிப்பை நேராகவும் ஐந்து எதிர்மறையாகவும் உரைப்பன. எதிர்மறைக் கூற்றுகளுக்கு மதிப்பெண் தலைகீழாக இடப்படும். அவற்றுள் எட்டாம் கூற்று, தன்மீது தனக்கு மிகுதியான மதிப்பு இல்லையே என்னும் ஏக்கத்தைக் குறிப்பது. ஆங்கிலத்தில் விருப்ப வினையை அடுத்து வரும் இறந்தகால வடிவத் துணைவினை, விரும்பப்படுவது இப்போது இல்லை என்பதைப் புலப்படுத்துகிறது. இதனை ‘என்னை நான் இன்னும் அதிகமாக மதிக்க விரும்புகிறேன்’ எனத் தமிழாக்கினால் அவ்வின்மைப் பொருள் மறைந்து, உயரும் நோக்கமே எஞ்சுகிறது. தன்மதிப்பு மிக்கவரும் இதனை முழுமையாக ஏற்கக்கூடும். 0 முதல் 3 வரை மதிப்பெண் இடும் முறையில் அவர் பெற வேண்டியது 3, பெறுவதோ 0. சீன மொழிபெயர்ப்புகளிலும் இக்கூற்று ஏனையவற்றோடு ஒத்துச் செல்லாமையை ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன.

கண்டறியும் முறை

பின்மொழிபெயர்ப்பு இப்பிழையைக் காட்டாது போகலாம். தமிழ்த் தொடரை மீண்டும் ஆங்கிலமாக்குபவர் ஆங்கில வழக்கிற்கேற்ப மூலத்தொடரையே தந்துவிட வாய்ப்புண்டு. ஆதலின் விடையளிப்போரிடம் கூற்றைத் தம் சொற்களில் கூறுமாறும், விடைக்கான காரணத்தை விளக்குமாறும் கேட்க வேண்டும். ‘மனிதன் முன்னேறத்தானே வேண்டும்’ என்பது போன்ற விளக்கம் வருமாயின், கூற்று குறைபாட்டுணர்வாகக் கொள்ளப்படவில்லை என்பது தெளிவாகும்.

அடுத்து, முன்னோட்டத் தரவில் இக்கூற்றின் மதிப்பெண்ணை எஞ்சிய ஒன்பது கூற்றுகளின் கூட்டுத்தொகையோடு ஒட்டுறவு காண வேண்டும். எதிர்மறைக் கூற்றுகள் ஐந்திலும் ஒட்டுறவு ஒருங்கே தாழ்ந்தால், மதிப்பெண்ணைத் தலைகீழாக்கத் தவறியதோ எதிர்மறைத் தொடரமைப்போ காரணமாகலாம். எட்டாம் கூற்றில் மட்டும் அது சுழியத்தை அண்டினாலோ எதிர்க்குறி பெற்றாலோ அதன் மொழிபெயர்ப்பையே முதலில் ஐயுற வேண்டும்.

திருத்தமும் அதன் எல்லையும்

‘என்மீது எனக்குப் போதிய மதிப்பு இல்லையே என வருந்துகிறேன்’ என்னும் வடிவம் இன்மைப் பொருளை மீட்கிறது. ஆயினும் மூலத்தில் இல்லாத வருத்தத்தைச் சேர்ப்பதால் ஏற்போர் குறையலாம். ‘என்மீது எனக்கு இன்னும் சற்று மதிப்பு இருந்தால் நன்றாயிருக்கும்’ என்னும் நிபந்தனைத் தொடர் மூலத்திற்கு அணுக்கமானது. இதனையும் புதிய விடையளிப்போரிடம் வினவிய பின்னரே ஏற்றல் தகும்.

முடிவுரை

ஒட்டுறவு சீரடைவதால் கூற்று அதே பண்பை அளக்கிறது எனலாமேயன்றி, அதே அளவில் அளக்கிறது எனல் இயலாது. ஒத்த தன்மதிப்புடைய இருமொழியினரும் அக்கூற்றை ஒரே அளவில் ஏற்கின்றனர் என்பது தனியே நிறுவப்படும்வரை, இருமொழிக் குழுக்களின் சராசரிகளை ஒப்பிட்டு ஒரு குழுவினர்க்குத் தன்மதிப்புக் குறைவு எனத் துணிதல் பொருந்தாது.