கல்லாப்பெட்டிக்குப் பற்று

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில், ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கைப் பற்று செய்ய வேண்டும் என்றதும் மாணவர்கள் விழிக்கிறார்கள். வீட்டில் பணம் வந்தால் அது வரவு. பாடத்திலோ அதுவே பற்று. இதற்காக வகுப்பில் நான் ஒரு குட்டிக் கதை சொல்வதுண்டு.

போடிமெட்டில் ஒரு டீக்கடை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் அங்கே கணக்கு வைத்துக் குடிப்பவர். கடைக்காரரின் மகள் மாலையில் வந்து அன்றைய கணக்கை எழுதுவாள். டிரைவர் 150 ரூபாய்க்கு டீயும் வடையும் கடனாக வாங்கியதை, "டிரைவர் பற்று" என்று அப்பா முன்பே நோட்டில் குறித்திருக்கிறார். பொருளைப் பெற்றவர் பெயரில் பற்று. இது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துப் பார்க்கிறாள் மகள். 3,200 ரூபாயைப் பெற்றது பெட்டி. எனவே பெட்டிக்குப் பற்று, அதைத் தந்த விற்பனைக்கு வரவு. இந்த இடத்தில் பெரும்பாலான மாணவர்களுக்குக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

காலையில் முதலாகப் போட்ட சில்லறை 500. பாலுக்குக் கொடுத்தது 900. போடியிலிருந்து கடனாக வந்த டீத்தூள் 600. எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் எழுதி இருப்பாய்வு போடுகிறாள். பற்றுப் பக்கம் ரொக்கம் 2,800, டிரைவர் 150, கொள்முதல் 1,500. வரவுப் பக்கம் முதல் 500, விற்பனை 3,350, டீத்தூள் கடைக்காரர் 600. இரு பக்கமும் 4,450.

ஆனால் பெட்டியை எண்ணினால் 2,500 தான்!

அப்பாவின் பார்வை கிளாஸ் கழுவும் பையன் மேல் போகிறது. மகள் மறிக்கிறாள்: "பெட்டியிலிருந்து போனது எங்கேயாவது வந்து சேர்ந்திருக்கணும்ப்பா. மத்தியானம் யாருக்காவது கொடுத்தீங்களா?"

சற்று நேரம் கழித்து அவர் சொல்கிறார்: "அப்பத்தாவுக்கு மாத்திரை வாங்கினேன்ல, முந்நூறு."

வகுப்பில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இங்கேதான். இருப்பாய்வு சரியாக வந்தும் கணக்கு தவறு. ஒரு நடவடிக்கையை இரண்டு இடத்திலும் எழுதாமல் விட்டால் இரு பக்கமும் ஒரே அளவு விடுபடும், கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது. ரொக்கத்தைக் கையால் எண்ணியதால்தான் பிழை தெரிந்தது. 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பாசியோலி இம்முறையை விளக்கி நூல் வெளியிட்டார். அன்று முதல் இன்று வரை இந்தக் குறை அதோடு சேர்ந்தே இருக்கிறது.

மாத்திரைச் செலவு கடையின் செலவு அன்று என்பதையும் கேட்டு வரவழைக்க வேண்டும். பல மாணவர்கள் அதைச் செலவுக் கணக்கில்தான் எழுதுகிறார்கள். கடை வேறு, கடைக்காரர் வேறு. அவர் சொந்தத் தேவைக்கு எடுத்ததால் எடுப்புகள் கணக்குக்குப் பற்று 300, ரொக்கத்துக்கு வரவு 300. மகள் அப்படியே எழுதி மீண்டும் கூட்டுகிறாள். ரொக்கம் 2,500, எடுப்புகள் 300. மொத்தம் பழையபடி 4,450. பையனுக்கு அன்று ஒரு வடை கூடுதலாகக் கிடைக்கிறது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டுவிட்டு மணி அடிக்கும்வரை காத்திருப்பேன்.