ஒரு கயிறு, இரண்டு முளை, ஒரு செங்கோணம்

பன்னிரண்டு முடிச்சுப் போட்ட கயிற்றை 3, 4, 5 என்று முக்கோணமாக இழுத்து எகிப்தியர் மூலை மட்டம் பிடித்தார்கள் என்று பல புத்தகங்களில் இருக்கும். அவர்கள் கோயில் கட்டும்முன் கயிறு பிடித்து அடித்தளம் குறித்தது உண்மை. சடங்காகவே அதைச் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த 3-4-5 முக்கோணம் 19-ஆம் நூற்றாண்டில் மொரிட்ஸ் கான்டர் என்ற கணித வரலாற்றாசிரியர் சொன்ன ஊகம்தான். கயிற்றில் எங்கே அடையாளம் வைப்பது, யார் எந்தப் பக்கம் இழுப்பது என்று செய்முறையையே எழுதி வைத்தவை நம் நாட்டுச் சுல்ப சூத்திரங்கள். வேள்விக்களம் அமைக்க எழுதப்பட்ட அந்த நூல்கள் 2,000 ஆண்டுகளுக்கும் பழையவை.

முதல் வேலை கிழக்கு மேற்காக ஒரு நேர்கோடு. காத்தியாயனர் வழி இது: தரையை மட்டமாக்கி நடுவில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நடு. குச்சியின் உயரமே நீளமாக உள்ள கயிற்றால் அதைச் சுற்றி வட்டம் போடு. காலையில் சுருங்கிக்கொண்டே வரும் நிழலின் நுனி வட்டத்தை எங்கே தொடுகிறதோ அங்கே ஒரு முளை. பிற்பகலில் நீண்டு வெளியேறும்போது தொடும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் நூல் பிடித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும்.

இனி மூலைகள். ஆபஸ்தம்பர் சொல்லும் மகாவேதியை எடுத்துக்கொள்வோம். மேற்கே அகலம் 30, கிழக்கே 24, நீளம் 36 பிரக்கிரமம். ஒரு பிரக்கிரமம் பௌதாயனர் கணக்கில் 30 விரற்கடை. ஆக, நீளம் ஏறத்தாழ 20 மீட்டர்.

கோட்டின் மேல் 36 அளவு இடைவெளியில் இரண்டு முளை அடிக்கிறார்கள். கயிற்றின் நீளம் 36-உடன் 18 சேர்த்து 54. ஒரு முனையிலிருந்து 12-இலும் 15-இலும் அடையாளம். அந்த முனையை மேற்கு முளையில் மாட்டி, மறுமுனையைக் கிழக்கு முளையில் மாட்டுகிறார்கள். ஒருவர் 15-ஆம் அடையாளத்தைப் பிடித்துத் தெற்கே இழுக்கிறார். இரு பக்கமும் தொய்வில்லாமல் விறைத்ததும் அவர் கையில் இருக்கும் புள்ளிதான் தென்மேற்கு மூலை. முளைகளுக்கு நடுவே 36, ஒரு பக்கம் 15, மறுபக்கம் மிச்சமுள்ள 39. 15-இன் வர்க்கம் 225, 36-இன் வர்க்கம் 1,296, கூட்டினால் 1,521. அது 39-இன் வர்க்கம். எனவே மேற்கு முளையில் விழுவது சரியான செங்கோணம். அப்படியே வடக்கே இழுத்தால் வடமேற்கு மூலை.

பிறகு முனைகளை மாற்றி மாட்டுகிறார்கள். இப்போது செங்கோணம் கிழக்கு முளையில். இழுப்பது 15-ஆம் அடையாளத்தைப் பிடித்துத்தான். முளை அடிப்பது 12-இல். நாலு மூலையும் ஒரே கயிற்றில் முடிந்துவிடுகிறது. இதைவிடச் சிக்கனமான வரைபடம் எனக்குத் தெரியவில்லை.

தவறு எங்கே வரும்? கயிறு நீளும் பொருள். ஆனால் 36-ஐ அளந்ததும் இதே கயிறு, இழுத்த விசையும் அதே விசை என்றால் எல்லாமே ஒரே விகிதத்தில் நீளும். களம் சற்றுப் பெரிதாகுமே தவிர, கோணம் கெடாது. முளைகளை மெல்ல இழுத்து அளந்துவிட்டு, மூலைக்கு மட்டும் பலமாக இழுத்தால்தான் வம்பு. அப்போது கயிறு நூற்றில் ஒரு பங்கு கூடுதலாக நீண்டால், கோணம் 90-க்குப் பதில் 91 பாகையைத் தாண்டிவிடும். மூலை முளை கிட்டத்தட்ட ஒரு சாண் மேற்கே தள்ளிப் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. தென்மேற்கு, வடமேற்கு முளைகளுக்கு நடுவே நூல் பிடித்தால், அது மேற்கு முளையைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். முளை நூலுக்குக் கிழக்கே நின்றால் கயிறு அதிகம் நீண்டிருக்கிறது. மேற்கே நின்றால் கயிறு தொய்ந்திருக்கிறது.

கொத்தனார்கள் இன்றும் செய்வதுபோல மூலைவிட்டத்தையும் அளக்கலாம். இரண்டும் சமமாக இருப்பது மட்டும் போதாது. வடக்கிலும் தெற்கிலும் ஒரே மாதிரி பிசகியிருந்தாலும் சமமாகத்தான் வரும். இந்தக் களத்தில் மூலைவிட்டத்துக்கு நீளமாக 36, குறுக்காக 15-உம் 12-உம் சேர்ந்து 27. அதனால் அது சரியாக 45 வர வேண்டும். கயிற்றின் மொத்த நீளத்தில் 9 குறைவு.