டெண்டர் கிடைத்த பிறகு வரும் 21 நாட்கள்

ரயில்வே டெண்டரில் உங்கள் விலை ஏற்கப்பட்டுவிட்டது. ஏற்புக் கடிதமும் வந்துவிட்டது. தொழிலில் ‘எல்.ஓ.ஏ.’ என்று சொல்லப்படும் இந்தக் கடிதத்தை முதன்முறை வேலை எடுக்கும் பலர் வெறும் தகவல் கடிதமாக நினைக்கிறார்கள். அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பொறுப்பு தொடங்கும் என்று இருந்துவிடுகிறார்கள். அது தவறு. முறையான அக்ரிமெண்ட் தயாராகும் வரை, டெண்டர் ஏற்கப்பட்டதே இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பது ரயில்வேயின் விதி. இனி விலை கட்டாது என்று பின்வாங்கினால் ஈ.எம்.டி. பணம் போய்விடும்.

அதனால் கடிதத்தை எடுத்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். அதை நீங்கள் என்றைக்குப் படித்தீர்கள் என்பது கணக்கில் வராது. கடிதம் வெளியிடப்பட்ட நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதத்துக்குப் பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி, அதாவது வேலையை ஒழுங்காக முடிப்பேன் என்பதற்கான பிணை, கொடுத்தாக வேண்டும்.

2 கோடி ரூபாய்க்கு ஒரு பிளாட்ஃபாரக் கூரை வேலை என்று வைத்துக்கொள்வோம். பிணை 10 லட்சம். கடிதத்தின் தேதி ஜூன் 3 என்றால், கடைசி நாள் ஜூன் 24. தாமதமானால் அதிகாரி 60-வது நாளான ஆகஸ்ட் 2 வரை அவகாசம் தரலாம். ஆனால் 22-வது நாளிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத அபராத வட்டி ஏறும். 10 லட்சத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 329 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் 60 நாளும் தாண்டிவிட்டால் ஒப்பந்தமே ரத்தாகலாம். அப்போது ஈ.எம்.டி. பறிபோகும். அதே வேலைக்கு மறுடெண்டர் விட்டால் நீங்கள் கலந்துகொள்ளவும் முடியாது.

பிணையை ரொக்கமாகவோ டெபாசிட் ரசீதாகவோ கொடுக்கலாம். ஆனால் பெரும்பாலோர் போவது பேங்க் கேரண்டிக்குத்தான். சிக்கலும் அங்கேதான் நிறைய. வங்கியில் ஏற்கெனவே கேரண்டி லிமிட் வைத்திருப்பவர்கள் ஒரு பகுதியை மட்டும் மார்ஜினாக டெபாசிட் செய்தால் போதும். லிமிட் இல்லாதவரிடம் முழு 10 லட்சத்தையும் டெபாசிட்டாகக் கேட்பார்கள். கமிஷனும் முத்திரைத்தாள் செலவும் தனி. லிமிட் புதிதாக வாங்க வேண்டுமென்றால் 21 நாள் போதாது.

அடுத்தது வாசகம். டெண்டர் ஆவணத்தில் உள்ள படிவத்தின்படியே கேரண்டி இருக்க வேண்டும். ‘ஒப்பந்ததாரர் தவறு செய்தது நிரூபிக்கப்பட்டால்’ என்பதுபோல வங்கி ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் ரயில்வே திருப்பி அனுப்பிவிடும். கேட்டவுடன், எந்த ஆட்சேபமும் இல்லாமல் பணம் தர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ரயில்வே அதைக் கோரினால், அப்பட்டமான மோசடி, ஈடுசெய்யவே முடியாத அநீதி போன்ற மிக அரிதான நிலைகளில்தான் நீதிமன்றம் தடுக்கும். நிறுவனத்தின் பெயர், கடித எண், வேலையின் பெயர் மூன்றும் எல்.ஓ.ஏ.வில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று வரைவிலேயே சரிபாருங்கள். போலிக் கேரண்டிகளுக்குப் பயந்து, வங்கிகளுக்கு இடையிலான மின்னணுச் செய்தி மூலமும் உறுதி கேட்கிறார்கள். அந்தச் செய்தி போய்விட்டதா என்று கிளையில் கேட்டு, அத்தாட்சி நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேரண்டியின் காலம் வேலை முடியும் தேதிக்கு மேல் இன்னும் 60 நாள் இருக்க வேண்டும். நம் கூரை வேலைக்கு 12 மாதக் கெடு என்றால் முடியும் தேதி அடுத்த ஆண்டு ஜூன் 2. கேரண்டி ஆகஸ்ட் 1 வரை. மழை, வரைபடத் தாமதம் என்று கெடுவை நீட்டித்தால் கேரண்டியையும் நீட்டிக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். நீட்டிக்கத் தவறினால் முழுத் தொகையையும் ரயில்வே வங்கியிடம் கோரலாம். வேலை நன்றாக நடந்துகொண்டிருந்தாலும் கோரலாம்.

இந்தப் பிணையோடு கதை முடியவில்லை. செக்யூரிட்டி டெபாசிட் என்று இன்னொரு 5 சதவீதம் உண்டு. இரண்டும் ஒன்றென்று நினைத்து விலை போட்டவர்களுக்குப் பாதி வேலையில் கைப்பணம் முட்டுகிறது. நீங்கள் கட்டிய ஈ.எம்.டி. இரண்டரை லட்சம் என்றால், அதை இந்த டெபாசிட்டின் பகுதியாக வைத்துக்கொண்டு, மீதி ஏழரை லட்சத்தை ஒவ்வொரு பில்லிலும் 6 சதவீதமாகப் பிடிப்பார்கள். அதாவது, 1 கோடியே 25 லட்சம் ரூபாய்க்கு பில் போடும் வரை பிடித்தம் தொடரும். வேலை முடிந்து நிறைவுச் சான்றிதழ் வந்ததும் பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி திரும்பக் கிடைக்கும். டெபாசிட்டோ பராமரிப்புக் காலம் முடிந்த பிறகுதான்.

ஆக, 2 கோடி வேலையில் 20 லட்சத்துக்கான பொறுப்பு உங்கள் தலையில் இருக்கிறது. அடுத்த டெண்டருக்கு விலை போடும் முன்பே கேரண்டி படிவத்தை வங்கி மேலாளரிடம் காட்டி, லிமிட், மார்ஜின், கமிஷன் மூன்றையும் கேட்டு வந்துவிடுங்கள்.