மோடம் காட்டும் இரண்டு எண்கள்

தொலைபேசிக் கம்பி வழியே வரும் டி.எஸ்.எல். இணையம் அடிக்கடி அறுந்தால் நாம் முதலில் செய்வது மோடத்தை அணைத்துப் போடுவது. அடுத்தது, வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்வது. அங்கே இருப்பவரும் "மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போடுங்க சார்" என்பார். கம்பியின் உடல்நிலையை மோடம் நொடிதோறும் அளந்து, தன் நிலைப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா, தொலைவினால் வந்ததா, இரைச்சலால் வந்ததா என்று பெருமளவுக்கு நாமே சொல்லிவிடலாம்.

அந்தப் பக்கத்தைத் திறப்பது எளிது. கணினியிலோ கைப்பேசியிலோ பிரவுசரைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடம்களில் உள்நுழையும் பக்கம் வரும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மோடத்தின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே Status அல்லது Statistics என்ற பகுதியில் DSL என்ற தலைப்பைத் தேடுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு வீட்டில், ஏ.டி.எஸ்.எல்.2+ இணைப்பில், காலை நேரத்தில் அது இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
                        Downstream   Upstream
Line Attenuation (dB)      29.0        15.5
SNR Margin (dB)            17.5        13.0
Attainable Rate (kbps)    15200        1000
Data Rate (kbps)           8190         768
CRC Errors                   12           0
```

இதில் Downstream என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து நமக்கு வருவது. Upstream நாம் அனுப்புவது. முதல் இரண்டு வரிகளும் டெசிபெல் என்ற அளவில் இருக்கின்றன. இந்த அளவில் எண் 3 கூடினால் சக்தி இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு என்று நினைவில் வைத்தால் போதும்.

தெருக்கோடியில் நின்று ஒருவர் நம்மைக் கூப்பிடுகிறார். தொலைவு கூடக் கூடக் குரல் மெலிகிறது, அது அட்டெனுவேஷன். நடுவில் திருவிழா மைக்செட் அலறுகிறது. அது நாய்ஸ், அதாவது இரைச்சல். குரல் மெலிந்தாலும் தெரு அமைதியாக இருந்தால் சொல் புரியும். குரல் பலமாக இருந்தாலும் மைக்செட் அதை மூழ்கடித்துவிட்டால் புரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் எண் அட்டெனுவேஷன். எக்ஸ்சேஞ்சில் கிளம்பிய சிக்னல் வரும் வழியில் எவ்வளவு தேய்ந்தது என்பதன் அளவு இது. ஆகவே எண் குறைவாக இருந்தால் நல்லது. 29 டெசிபெல் என்றால், கிளம்பிய சக்தியில் ஏறத்தாழ எண்ணூறில் ஒரு பங்குதான் வீடு வந்து சேர்கிறது என்று பொருள். தொலைபேசிக் கேபிளில் பரவலாக இருக்கும் 0.4 மில்லிமீட்டர் செம்புக் கம்பி, கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபெல் தின்னும். அப்படியானால் 29 டெசிபெல் என்பது இரண்டு கிலோமீட்டர் கம்பி. இது கேபிள் போகும் வழியின் நீளம். காக்கை பறக்கும் தூரம் அல்ல. எக்ஸ்சேஞ்ச் பக்கத்துத் தெருவில் இருந்தாலும், கேபிள் நாலு தெரு சுற்றி வந்தால் எண் கூடத்தான் செய்யும்.

ஏ.டி.எஸ்.எல்.2+ இணைப்பில் 20 டெசிபெலுக்குள் இருந்தால் 20 எம்.பி.பி.எஸ். அளவுக்கு வேகம் எதிர்பார்க்கலாம். 30 என்றால் சுமார் 15. 40 என்றால் சுமார் எட்டு. 50-ஐத் தாண்டினால் நாலைந்து கிடைத்தாலே பெரிது. தொலைவினால் வரும் இந்தத் தேய்வை எந்த மோடமும் குறைத்துவிடாது. 55 டெசிபெல் காட்டும் வீட்டில் 16 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்குப் பணம் கட்டுவது வீண்.

இரண்டாவது எண்ணில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சில மோடம்களில் இது வெறும் SNR என்று எழுதியிருக்கும். ஆனால் பொதுவாக அங்கே காட்டப்படுவது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள மொத்த இடைவெளி அல்ல. இப்போது ஓடும் வேகத்துக்கு வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மிச்சம் இருக்கும் கையிருப்பைத்தான் அது காட்டுகிறது. மார்ஜின் என்பது அதுதான். இந்த எண் கூடுதலாக இருந்தால் நல்லது. 6 டெசிபெல் மார்ஜின் இருந்தால், இரைச்சல் இன்னும் நான்கு மடங்கு கூடும்வரை இணைப்பு தாக்குப்பிடிக்கும். மார்ஜின் சுழியத்தை நெருங்கினால் பிழைகள் குவியும். பிறகு இணைப்பே அறுந்துவிடும்.

ஆனால் "6 தானே இருக்கிறது, லைன் மோசம்" என்று உடனே முடிவு கட்டக் கூடாது. மோடம் ஒவ்வொரு முறை இணையும்போதும் குறிப்பிட்ட அளவு மார்ஜினை மீதம் வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் வேகமாக மாற்றிக்கொள்ளும்படி எக்ஸ்சேஞ்சில் அமைத்திருப்பார்கள். அந்த அளவு பெரும்பாலும் 6 டெசிபெல். வேகத்துக்கு வரம்பு இல்லாத இணைப்பில் மார்ஜின் 6 காட்டுவது இயல்பு. நம் எடுத்துக்காட்டு வீட்டில் 17.5 இருக்கக் காரணம், அங்கே திட்டத்தின் வரம்பு 8 எம்.பி.பி.எஸ். அந்தக் கம்பியால் 15 எம்.பி.பி.எஸ். வரை தர முடியும் என்று Attainable Rate வரி சொல்கிறது. பயன்படுத்தாத வேகம் கையிருப்பாக நிற்கிறது. ஆகவே மார்ஜினை எப்போதும் Data Rate வரியோடு சேர்த்தே படிக்க வேண்டும். மார்ஜின் 6, வேகமும் அந்தத் தொலைவுக்கு ஏற்ற அளவு என்றால் லைன் நன்றாக இருக்கிறது. மார்ஜின் 6, வேகம் மட்டும் எதிர்பார்த்ததில் பாதி என்றால், எங்கோ இரைச்சல் புகுந்திருக்கிறது.

இனி அதே வீட்டில் மாலை ஏழு மணிக்குப் பக்கத்தைத் திறக்கிறோம்:

```
                        Downstream
Line Attenuation (dB)      29.0
SNR Margin (dB)             7.0
Attainable Rate (kbps)     8900
Data Rate (kbps)           8190
CRC Errors                 1840
```

அட்டெனுவேஷன் இம்மியும் மாறவில்லை. கம்பியின் நீளமும் இணைப்புகளும் காலையில் இருந்தபடியே இருக்கின்றன என்பதற்கு அது சான்று. மார்ஜின் மட்டும் 10.5 டெசிபெல் விழுந்திருக்கிறது. அதாவது இரைச்சல் பத்து மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. CRC என்பது மோடத்தால் திருத்த முடியாமல் போன பிழைகளின் எண்ணிக்கை. காலையில் 12 இருந்தது 1840 ஆகிவிட்டது. காலையில் இல்லாமல் மாலையில் வருகிறது என்றால், மாலையில் எதையோ போடுகிறார்கள்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள விளக்கு, சார்ஜர், டி.வி. பெட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு தடவையும் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். இந்த வீட்டில் கூடத்தில் மாட்டிய மலிவான எல்.இ.டி. விளக்கை அணைத்ததும் 7 இருந்த மார்ஜின் 17-க்கு ஏறுகிறது என்றால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. அந்த விளக்கின் மின்சுற்று கக்கும் இரைச்சல், சுவரில் மின்கம்பியோடு ஒட்டி ஓடும் தொலைபேசிக் கம்பியில் ஏறுகிறது. விளக்கை மாற்றலாம், அல்லது தொலைபேசிக் கம்பியை மின்கம்பியிலிருந்து ஓரடி தள்ளிக் கொண்டுபோகலாம்.

எதை அணைத்தாலும் எண் அசையவில்லை என்றால் அடுத்த சோதனை. வெளியிலிருந்து கம்பி வந்து சேரும் முதல் பெட்டியிலேயே மோடத்தை நேராகச் செருகுங்கள். ஸ்ப்ளிட்டர், வீட்டுக்குள் ஓடும் எக்ஸ்டென்ஷன் கம்பி, மற்ற போன்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மார்ஜின் ஏறினால் கோளாறு வீட்டுக் கம்பியிலோ ஸ்ப்ளிட்டரிலோ இருக்கிறது. ஸ்ப்ளிட்டர் வழியே போகாமல் நேரே மாட்டிய ஒரு போன் போதும், லைனைக் கெடுக்க. எண் அப்படியே நின்றால் இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. ஒரே கேபிளில் அடுத்தடுத்து ஓடும் அண்டை வீட்டு இணைப்புகள் ஒரு காரணம். வானொலி இன்னொன்று. ஏ.டி.எஸ்.எல்.2+ பயன்படுத்தும் அலைவரிசை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. மீடியம் வேவ் வானொலி முழுவதும் அதற்குள் அடக்கம். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. இரவில் மீடியம் வேவ் அலைகள் வெகுதூரம் பயணம் செய்வதால், பொழுது சாய்ந்ததும் இரண்டு மூன்று டெசிபெல் மார்ஜின் இறங்குவது பல லைன்களில் வழக்கம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

மழைக்குப் பிறகு வரும் கோளாறு வேறு மாதிரி. அப்போது 29 இருந்த அட்டெனுவேஷனே 40-க்குத் தாவியிருக்கும். வீடு ஓரிரவில் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்க முடியாது; ஆகவே எங்கோ ஒரு ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அல்லது துருப்பிடித்து ஒரு கம்பி விலகி நிற்கிறது. போனை எடுத்து, ஏதாவது ஓர் எண்ணை அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டு, சில நொடி காது கொடுங்கள். கரகர சத்தம் கேட்டால் சந்தேகமே இல்லை. இதை நாம் சரிசெய்ய முடியாது; லைன்மேன் வந்து பில்லரிலோ கம்பத்துப் பெட்டியிலோ ஜாயிண்டைப் பிரித்துப் போட வேண்டும்.

இன்னொரு நிலையும் உண்டு. இரைச்சல் மிகுந்த நேரத்தில் அறுந்து மறுபடி இணைந்த மோடம், அந்த நேரத்து நிலைக்கு ஏற்பக் குறைந்த வேகத்தில் நின்றுவிடும். மறுநாள் காலையில் இரைச்சல் ஓய்ந்த பிறகும் வேகம் ஏறாது; மார்ஜின் மட்டும் இருபதுக்கு மேல் காட்டும். கையிருப்பு நிறைய, வேகம் குறைவு என்ற இந்தச் சேர்க்கையைக் கண்டால், அமைதியான நேரத்தில் மோடத்தை ஒரு தடவை அணைத்துப் போட்டால் பழைய வேகம் திரும்பும். சேவை மையத்து ஆலோசனை பலிக்கும் இடம் இது.

இந்த எண்கள் சொல்லாததும் உண்டு. எக்ஸ்சேஞ்சுக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள செம்புக் கம்பியை மட்டுமே இவை அளக்கின்றன. எல்லா வரிகளும் நன்றாக இருந்தும் படம் சுற்றிக்கொண்டே நின்றால், வைஃபையையோ எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் உள்ள நெரிசலையோதான் சந்தேகிக்க வேண்டும்.

இணைப்பு ஒழுங்காக ஓடும் ஒரு நாளில் பக்கத்தைத் திறந்து, அட்டெனுவேஷன், மார்ஜின், வேகம் மூன்றையும் தேதியோடு குறித்து வையுங்கள். கோளாறு வரும்போது புது எண்களை அதன் பக்கத்தில் எழுதுங்கள். "நெட் வரலை" என்று புகார் கொடுப்பதற்குப் பதில், "அட்டெனுவேஷன் 29 இருந்தது மழைக்கு அப்புறம் 40 ஆயிடுச்சு, போன்லயும் கரகரன்னு கேக்குது, ஜாயிண்டைப் பாருங்க" என்று சொல்லுங்கள். லைன்மேனுக்கு எங்கே ஏற வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.