கரண்ட் பில்லில் ஒளிந்திருக்கும் அபராதம்

கோவையின் குறிச்சி, கணபதி போன்ற பகுதிகளில் உள்ள பட்டறைகளில் கரண்ட் பில் வந்ததும் முதலாளியின் கண் கடைசி வரிக்குத்தான் போகும். மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், அவ்வளவுதான். நடுவில் பவர் ஃபேக்டர் என்று ஒரு எண்ணும் அதன் கீழே ஒரு தொகையும் இருப்பதைப் பலர் ஏதோ வரி என்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். அது வரி அல்ல, அபராதம். மாதாமாதம் கட்டிக்கொண்டே இருந்தாலும் மின்வாரியத்திலிருந்து யாரும் வந்து ஏன் என்று சொல்லப்போவதில்லை.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைப்படி, தாழ்வழுத்த இணைப்பில் ஓடும் தொழிற்கூடங்கள் சராசரி பவர் ஃபேக்டரை 0.85-க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். குறைகிற ஒவ்வொரு 0.01-க்கும் மின்நுகர்வுக் கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதலாக விழும். 0.75 வரை இந்தக் கணக்கு. அதற்கும் கீழே போனால் ஒவ்வொரு 0.01-க்கும் ஒன்றரை சதவீதம், அதையும் 0.85-லிருந்தே எண்ணுவார்கள். அதாவது 0.75 காட்டினால் அபராதம் 10 சதவீதம், 0.74 காட்டினால் 16.5 சதவீதம். ஒரு படி சறுக்கியதற்கு ஆறரை சதவீதம் கூடிவிடுகிறது. உயர் அழுத்த இணைப்புக்காரர்களுக்கு வரம்பு இன்னும் கடுமை, 0.90.

இந்த எண் எதை அளக்கிறது? மோட்டார் சுற்ற வேண்டுமானால் அதற்குள் காந்தப்புலம் உருவாக வேண்டும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் அலைவது. ஆகவே காந்தப்புலமும் விநாடிக்கு 100 முறை எழுந்து 100 முறை அடங்குகிறது. எழும்போது லைனிலிருந்து ஆற்றலை வாங்குகிறது, அடங்கும்போது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கைமாத்து வாங்கித் திருப்புவது போலத்தான். இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு யூனிட்கூடச் செலவாவதில்லை. ஆனால் அதற்கான கரண்ட் கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் உண்மையிலேயே ஓடுகிறது. கம்பி சூடாகிறது, டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவு அடைபடுகிறது. வேலை செய்த மின்சாரத்தை, மொத்தமாக ஓடியதாகத் தோன்றும் மின்சாரத்தால் வகுத்தால் வருவதுதான் பவர் ஃபேக்டர். மீட்டர் திரையில் இரண்டும் வரும்:

```
PF = kWh / kVAh
```

மாதத் தொடக்க ரீடிங்கையும் கடைசி ரீடிங்கையும் குறித்து வைத்தால் யாரும் கேல்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிடலாம்.

பட்டறைகளில் இந்த எண் சரிவதற்குப் பெரிய காரணம் மோட்டார்கள் அல்ல, சும்மா ஓடும் மோட்டார்கள். காந்தப்புலத்துக்கு வேண்டிய கரண்ட், மோட்டாரில் பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். முழுப் பாரத்தில் 0.85 காட்டும் மோட்டார் பாதிப் பாரத்துக்குக் கீழே போகப்போகச் சரிந்து, வெறுமனே சுற்றும்போது 0.2-க்கும் கீழே இறங்கிவிடும். ஜாப் மாற்றும் நேரத்தில் நிறுத்தாமல் விட்ட லேத், 5 எச்.பி. போதும் என்ற இடத்தில் பழைய விலைக்குக் கிடைத்ததென்று மாட்டிய 10 எச்.பி. மோட்டார், அன்லோடில் உறுமிக்கொண்டே இருக்கும் கம்ப்ரஸர் எல்லாம் இந்த வகை. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட் இன்னும் மோசம், வேலை செய்யும்போதே 0.5-ஐத் தாண்டாது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 25 நாள், நாளைக்கு 8 மணி நேரம் ஓடும் பட்டறை. மொத்தம் 200 மணி. வேலை செய்த மின்சாரம் 6,000 யூனிட், பவர் ஃபேக்டர் 0.72. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நுகர்வுக் கட்டணம் 48,000 ரூபாய். 0.85-லிருந்து 13 படி கீழே, படிக்கு ஒன்றரை சதவீதம், ஆக 19.5 சதவீதம். அபராதம் மட்டும் 9,360 ரூபாய். ஒரு ஹெல்பரின் சம்பளத்தில் பெரும்பகுதி.

இதற்கு எவ்வளவு கெப்பாசிட்டர் வேண்டும் என்பதை பில்லிலிருந்தே கண்டுபிடிக்கலாம். 6,000 யூனிட்டை 200 மணியால் வகுத்தால் சராசரிப் பாரம் 30 கிலோவாட். 0.72-ல் அந்த 30 கிலோவாட்டோடு சேர்ந்து சுமார் 29 கேவிஏஆர் கைமாத்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேவிஏஆர் என்பது அந்தக் கொடுக்கல் வாங்கலின் அளவு. 0.95-ல் அது 10 கேவிஏஆர் மட்டும் இருந்தால் போதும். மீதி 19-ஐ மின்வாரியத்திடம் கேட்காமல் பட்டறைக்குள்ளேயே கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கெப்பாசிட்டர். மோட்டார் ஆற்றலை வாங்கும் கணத்தில் கெப்பாசிட்டர் கொடுக்கிறது, மோட்டார் திருப்பும் கணத்தில் அது வாங்கிக்கொள்கிறது. இரண்டின் போக்கும் நேர் எதிர். ஆகவே கைமாத்து வேலிக்குள்ளேயே நடந்துவிடுகிறது, மீட்டர் வழியாகப் போய்வர வேண்டியதில்லை.

கடையில் போய் 20 கேவிஏஆர் வாங்குவதற்கு முன் லேபிளைப் பார்க்க வேண்டும். 440 வோல்ட்டில் 20 என்று அச்சடித்திருந்தால், நம் 415 வோல்ட்டில் அது கொடுப்பது 18-க்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து அது குறைகிறது. அதே லேபிளில் 25 வாங்கினால் 22 கிடைக்கும். அதை மாட்டிய பிறகு நம் பட்டறையின் பவர் ஃபேக்டர் 0.97-ஐத் தொடும். மெயின் கேபிளில் ஓடிய 58 ஆம்பியர் 43-க்கு இறங்கும். அபராதம் பூஜ்ஜியம். போட்ட பணம் சில மாத அபராதத்திலேயே திரும்பிவிடும்.

இத்தோடு முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இரவில்தான் வினை காத்திருக்கிறது. மாலை ஐந்தரைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகிறோம், கெப்பாசிட்டர் மட்டும் மெயினில் நேரடியாக இணைந்தபடி இருக்கிறது. இப்போது அதோடு கொடுக்கல் வாங்கல் செய்ய மோட்டார் இல்லை, ஆகவே கெப்பாசிட்டர் லைனோடு கைமாத்து தொடங்கிவிடும். இதுவும் மீட்டர் வழியாகப் போய்வரும் கரண்ட்தான், திசை மட்டும் மாறியிருக்கிறது. இதை லீடிங் என்பார்கள். லீடிங்கையும் சேர்த்து எண்ணும் மீட்டராக இருந்தால், வேலை இல்லாத 520 மணி நேரத்தில் சும்மா கிடக்கும் 22 கேவிஏஆர் மட்டுமே 11,000-க்கு மேல் சேர்த்துவிடும். அப்போது மாதச் சராசரி 0.35-க்கும் கீழே போகும். கெப்பாசிட்டரே வாங்காமல் இருந்ததைவிட மோசம். எல்லா மீட்டரும் லீடிங்கை எண்ணாது. நம்முடையது எண்ணுமா என்பதை மாட்டுவதற்கு முன்பே பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ஆகவே கெப்பாசிட்டரும் மோட்டாரும் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே படுக்க வேண்டும். நாலைந்து மோட்டார் உள்ள சின்னப் பட்டறைக்கு எளிய வழி, ஒவ்வொரு மோட்டாருக்கும் அதன் அளவுக்கு ஏற்ற கெப்பாசிட்டரை அதன் சுவிட்சோடு சேர்த்து மாட்டுவது. 5 எச்.பி. மோட்டாருக்கு 2 கேவிஏஆர் என்பது வழக்கமான அளவு. தாராளமாக இருக்கட்டுமே என்று கூடுதலாகப் போடக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கெப்பாசிட்டரைப் பிடித்துக்கொண்டு ஜெனரேட்டர் போல வோல்ட்டேஜ் கிளப்பிவிடும். பாரம் நாளெல்லாம் ஏறி இறங்கும் இடங்களில் ஏ.பி.எஃப்.சி. பேனல்தான் சரி. அதிலுள்ள ரிலே பவர் ஃபேக்டரைப் பார்த்து, 2, 5, 10 என்று துண்டு துண்டான கெப்பாசிட்டர்களைத் தேவைக்கேற்பச் சேர்க்கும், கழற்றும். இந்தப் பேனலில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. கரண்டை அளக்கும் சி.டி.யை, கெப்பாசிட்டர் பிரியும் இடத்துக்குப் பின்னால் மோட்டார் பக்கம் மாட்டிவிடுவார்கள். அப்போது கெப்பாசிட்டர் செய்த வேலை ரிலேயின் கண்ணுக்கே தெரியாது. போதவில்லை போதவில்லை என்று எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு நிற்கும். பேனலில் எப்போது பார்த்தாலும் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தால் முதலில் சி.டி.யின் இடத்தைப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்து பட்டறைக்காரர்கள் ஏமாறும் இன்னொரு இடம், மாட்டி இரண்டு மூன்று வருடம் கழித்து. கெப்பாசிட்டர் சத்தமில்லாமல் சாகும். மோட்டார் எரிந்தால் வேலை நிற்கும், தெரிந்துவிடும். கெப்பாசிட்டர் செத்தால் எதுவும் நிற்காது, பில் மட்டும் ஏறும். எலக்ட்ரீஷியன் வந்து திறந்து பார்த்து, “உள்ள எல்லாம் உப்பிக் கெடக்குதுங்ணா” என்று சொல்வதற்குள் ஆறு மாத அபராதம் போயிருக்கும். டாங் டெஸ்டர் இருந்தால் இதை ஐந்து நிமிடத்தில் பிடிக்கலாம். 440 வோல்ட், 25 கேவிஏஆர் கெப்பாசிட்டர் 415 வோல்ட்டில் ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 31 ஆம்பியர் இழுக்க வேண்டும். 20 காட்டினால் உள்ளே தேய்ந்துவிட்டது. ஒரு ஃபேஸில் மட்டும் குறைந்தால் ஃபியூஸ் போயிருக்கலாம்.

31 இருக்க வேண்டிய இடத்தில் 40-ஐத் தாண்டினால்? அது வேறு நோய். சி.என்.சி. மெஷின், டிரைவ் பொருத்திய மோட்டார், யு.பி.எஸ். எல்லாம் கரண்டை அலையாக இழுக்காமல் வெட்டி வெட்டி இழுக்கின்றன. அந்த வெட்டுகளால் 50 சுழற்சியின் மேல் 250, 350 சுழற்சிகள் கலந்துவிடுகின்றன. இதுதான் ஹார்மோனிக்ஸ். சுழற்சி கூடக்கூட கெப்பாசிட்டர் அதிக கரண்டை உள்ளே விடும். போதாக்குறைக்கு டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் அந்தச் சுழற்சியில் ஒத்திசைந்துவிட்டால் கரண்ட் பல மடங்கு பெருகி கெப்பாசிட்டரைச் சுட்டு உப்ப வைத்துவிடும். டிரைவ்கள் நிறைந்த பட்டறையில் வெறும் கெப்பாசிட்டரை மாட்டுவது பணத்தை எரிப்பதுதான். தொடரில் 7 சதவீத ரியாக்டர் சேர்த்து, அதனால் ஏறும் வோல்ட்டேஜைத் தாங்கும்படி 480 அல்லது 525 வோல்ட் கெப்பாசிட்டர் போட வேண்டும். செலவு கூடும், வேறு வழியில்லை.

கெப்பாசிட்டர் மாட்டினால் யூனிட்டே 30 சதவீதம் குறையும் என்று சொல்லி விற்பவர்களும் வருகிறார்கள். குறையாது. மோட்டார் செய்யும் வேலை அதேதான், கேபிளில் வீணாகும் வெப்பம் மட்டும் சிறிதளவு மிச்சமாகும். மிச்சப்படுவது அபராதம். உயர் அழுத்த இணைப்பில் டிமாண்டைக் கேவிஏ கணக்கில் வசூலிப்பதால் அந்தக் கட்டணமும் இறங்கும். 0.90 காட்டும் தாழ்வழுத்தப் பட்டறைக்கு 0.98 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், பில்லில் எந்த வரி குறையும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக, பேனலைத் திறப்பவர்களுக்கு. மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டருக்குள் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடிக்கவென்று ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், ஆனால் பழைய கெப்பாசிட்டரில் அது எரிந்து போயிருக்கலாம். ஐந்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்து வோல்ட்டேஜ் இல்லை என்று பார்த்து, டெர்மினல்களை இன்சுலேஷன் உள்ள வயரால் ஷார்ட் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.