வீணைக்கு விலை யார் சொல்வது?

வீட்டுக் காப்பீடு எடுத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாமே அதில் அடக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். 2021 முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியையே பாருங்கள். கட்டில், பீரோ, டிவி போன்ற சாமான்களுக்குப் பொதுவாக ஒரு தொகை உண்டு. ஆனால் நகை, ஓவியம், பழம்பொருள் வேண்டுமென்றால் தனியே பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் மதிப்பையும் நிறுவனத்தோடு முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒரு பொருள் 1 லட்சத்துக்குள் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவையில்லை. அதைத் தாண்டினால் கட்டாயம்.

கச்சேரிக்குப் போகும் வீணைக்கும் ஊர் சுற்றும் கேமராவுக்கும் இது போதாது. வெளியில் நேரும் திருட்டு, விபத்துச் சேதத்துக்கு 'ஆல் ரிஸ்க்' பாலிசி வேண்டும். அதிலும் பொருளைக் குறிப்பிட்டுத்தான் சேர்க்க வேண்டும். தொழிலுக்குப் பயன்படுத்தினால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேமராவுக்கு ஆதாரம் காட்டுவது எளிது. பாடிக்கும் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனி சீரியல் எண் உண்டு. பில்லில் அந்த எண் இருந்தால் போதும். பில் தொலைந்திருந்தாலும், பல கேமராக்கள் எடுக்கும் படத்துக்குள்ளேயே பாடியின் எண் பதிவாகியிருக்கும்.

பாட்டி காலத்துத் தஞ்சாவூர் வீணைக்கு எண்ணும் இல்லை, பில்லும் இல்லை. 'பழைய வீணை ஒன்று' என்று எழுதிக் கொடுத்தால் யாரும் ஏற்கமாட்டார்கள். ஒரே பலாமரத் துண்டில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் விலை வித்தியாசம் அதிகம். எனவே வீணை செய்பவரிடமோ அதை விற்கும் கடைக்காரரிடமோ கொண்டுபோய், எந்த வகை, எந்த மரம், இப்போதைய நிலை, இன்று அதேபோல வாங்க ஆகும் செலவு ஆகியவற்றைத் தேதியும் கையெழுத்துமாக எழுதி வாங்குங்கள். யாளி முகம், குடம், பின்பக்கம் எல்லாவற்றையும் படமெடுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதையும் மறைக்காமல் எடுத்து வையுங்கள், நாளை சர்வேயர் "இது பழைய விரிசலா, புதுசா?" என்று கேட்கும்போது பதில் அந்தப் படத்தில் இருக்கும். தந்தி அறுவது, நாள்பட்ட தேய்மானம், கரையான் அரிப்பு போன்றவற்றுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துச் சொல்வதும் ஆபத்து. ஆல் ரிஸ்க் பாலிசிகளில் வழக்கமாக 'ஆவரேஜ்' விதி உண்டு. 1 லட்சம் பெறும் வீணையை 60,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்து, கீழே விழுந்து 20,000 ரூபாய்க்குச் சேதமானது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பில் 60 சதவீதத்துக்குத்தான் காப்பீடு இருக்கிறது என்பதால் இழப்பிலும் அதே 60 சதவீதம், அதாவது 12,000 ரூபாய்தான் வரும். முதல் சேதத்தை நாமே ஏற்கும் 'எக்ஸஸ்' தொகை இருந்தால் அதுவும் கழியும். ஆகவே ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது இன்றைய விலையை விசாரித்துத் தொகையை மாற்றுங்கள். மதிப்பீட்டுக் கடிதத்தின் நகலை வீணை இருக்கும் வீட்டிலேயே வைக்காமல், மின்னஞ்சலில் ஒன்று போட்டு வையுங்கள்.