வடிகட்டுவது பாதி வேலை

மனிதனின் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து சுமார் 300 கிராம் எடைதான் இருக்கும். ஆனால் இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு மேல் இந்த இரண்டுக்கும் போகிறது. உடலின் வேறெந்த உறுப்பும் தன் எடைக்கு இவ்வளவு ரத்தத்தை வாங்குவது அரிது. சிறுநீரகத்தின் சொந்தத் தேவைக்கு இதில் சிறு பங்கே போதும். மீதி அத்தனையும் சுத்தமாவதற்காக அங்கே வருகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ஒரு நெஃப்ரானின் வேலை புரிந்துவிட்டால் சிறுநீரகம் முழுவதும் புரிந்த மாதிரிதான். அதன் தொடக்கத்தை விளக்க, தமிழ்நாட்டுச் சமையலறைகளில் இருக்கும் பித்தளை அல்லது எவர்சில்வர் காபி ஃபில்டர் நன்றாக உதவும். ஃபில்டரில் இரண்டு பாத்திரங்கள். மேல் பாத்திரத்தின் அடியில் நுண்ணிய துளைகள். அதில் தூளைப் போட்டு, காம்பு வைத்த தட்டால் அமுக்கி, கொதிநீரை ஊற்றினால், கீழ்ப் பாத்திரத்தில் டிகாக்ஷன் இறங்கும். தூள் மேலேயே நிற்கும். நீரும் அதில் கரைந்த அத்தனையும் கீழே போய்விடும். துளை எதையும் ருசி பார்த்துப் பிரிப்பதில்லை. கசப்பு, மணம், நிறம் என எது கரைந்திருந்தாலும் இறங்கும். கரையாத பெரிய துகள் மட்டும் நிற்கும்.

நெஃப்ரானின் தலைப்பகுதியில் நடப்பதும் இதுவே. உட்செல் நுண்தமனி வழியாக வரும் ரத்தம் கிளாமருலஸ் என்னும் தந்துகிச் சுருளுக்குள் நுழைகிறது. அந்தச் சுருளைச் சூழ்ந்திருக்கும் பௌமானின் கிண்ணம்தான் ஃபில்டரின் கீழ்ப் பாத்திரம். துளையிட்ட அடித்தட்டு, தந்துகியின் சுவர். இது மூன்று அடுக்காக அமைந்தது. உள்ளே துளைகள் கொண்ட தந்துகிச் செல்கள், நடுவில் அடிச்சவ்வு, வெளியே விரல்களைக் கோத்தாற்போல நிற்கும் போடோசைட் செல்கள். ரத்த செல்களும் ஆல்புமின் முதலான பெரிய புரதங்களும் தூளைப் போல இந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. ஆல்புமினைத் தடுப்பதில் அளவுக்கு மட்டுமல்ல, மின்னூட்டத்துக்கும் பங்குண்டு. சவ்வும் ஆல்புமினும் எதிர்மின்னூட்டம் உடையவை என்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. நீர், குளுக்கோஸ், அமினோ அமிலம், சோடியம், யூரியா, கிரியேட்டினின் எல்லாம் தடையின்றி இறங்குகின்றன. இந்த டிகாக்ஷனுக்குப் பாடநூலில் கிளாமருலார் வடிதிரவம் என்று பெயர்.

காபி ஃபில்டரில் நீரைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. அதனால்தான் அது சொட்டுச் சொட்டாக இறங்க வெகுநேரம் ஆகிறது. கிளாமருலஸில் தள்ளுவது ரத்த அழுத்தம். வெளிச்செல் நுண்தமனி உட்செல் நுண்தமனியைவிடக் குறுகலானது. வந்த ரத்தம் எளிதில் வெளியேற முடியாததால் உள்ளே அழுத்தம் ஏறி 55 மி.மீ. பாதரச அளவுக்கு நிற்கிறது. எதிர்த்திசையில் இரண்டு தடைகள் உண்டு. ரத்தத்திலேயே தங்கிவிட்ட புரதங்கள் நீரைத் தம் பக்கம் இழுக்கும் விசை 30. கிண்ணத்தில் ஏற்கெனவே இருக்கும் திரவம் தரும் எதிரழுத்தம் 15. மிஞ்சுவது 10 மி.மீ. மட்டுமே. இந்தச் சிறிய மிச்சத்தால்தான் நிமிடத்துக்கு 125 மி.லி. வடிதிரவம் உருவாகிறது. கடும் வயிற்றுப்போக்கிலும் பெரும் ரத்த இழப்பிலும் சிறுநீர் ஏன் குறைகிறது, சில சமயம் ஏன் நின்றே போகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ரத்த அழுத்தம் அதிகம் விழுந்துவிட்டால், தள்ளுவதற்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

ஃபில்டர் உவமை இதுவரை சரியாக வரும். இதற்கு மேல் அதை இழுத்தால் மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். நிமிடத்துக்கு 125 மி.லி. என்றால் ஒரு நாளைக்கு 180 லிட்டர். உடலில் உள்ள ரத்தப் பிளாஸ்மாவோ மூன்று லிட்டர் அளவுதான். அதாவது பிளாஸ்மா முழுவதும் ஒரு நாளில் அறுபது முறை வடிகிறது. வடிந்ததெல்லாம் சிறுநீராகவே போனால் அரை மணி நேரத்துக்குள் பிளாஸ்மா தீர்ந்துவிடும். ஆனால் ஒரு நாளில் வெளியேறும் சிறுநீர் ஒன்றரை லிட்டர்தான். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு திரும்ப ரத்தத்துக்கே போகிறது. காபியில் டிகாக்ஷன் இறங்கியதும் வேலை முடிந்தது. சிறுநீரகத்தின் கடினமான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது.

இதைக் கண்ணால் கண்டது போல நிரூபித்தவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வேர்ன், ஆல்ஃபிரட் நியூட்டன் ரிச்சர்ட்ஸ் இருவரும். 1924-இல் வெளியான அவர்கள் ஆய்வில், தவளையின் கிளாமருலஸ் கிண்ணத்துக்குள் மிக மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செருகி, அங்கிருந்த திரவத்தைத் துளியளவு உறிஞ்சி எடுத்தார்கள். அதில் புரதம் இல்லை, ஆனால் குளுக்கோஸும் குளோரைடும் இருந்தன. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த சிறுநீரில் அவ்விரண்டும் இல்லை. அப்படியானால் வழியில் யாரோ அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எடுத்துக்கொள்பவை நெஃப்ரானின் நுண்குழல் செல்கள்.

குளுக்கோஸின் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் மீட்பு எப்படி நடக்கிறது என்பது தெளிவாகிவிடும். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் 100 மி.லி.-க்கு 100 மி.கி. குளுக்கோஸ் இருக்கிறது என்று கொள்ளலாம். நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகிறதால் 125 மி.கி. குளுக்கோஸ் நுண்குழலுக்குள் இறங்குகிறது. அண்மை சுருள் நுண்குழலின் சுவரில் குளுக்கோஸைப் பிடித்து உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. அவை அத்தனையையும் பிடித்துவிடுகின்றன. சிறுநீரில் ஒரு மில்லிகிராம் என்று சொல்லும்படிகூட மிஞ்சுவதில்லை. ஆனால் இந்தக் கடத்திகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை 180 மி.கி. அளவைத் தாண்டும்போது சில நெஃப்ரான்களில் கடத்திகள் எல்லாம் நிரம்பிவிடுகின்றன. மேலும் வருவதைப் பிடிக்க ஆளில்லை. அது நீரையும் உடன் இழுத்துக்கொண்டு சிறுநீரில் போகிறது. நீரிழிவுக்காரருக்கு அடிக்கடி சிறுநீர் வருவதற்கும் தாகம் எடுப்பதற்கும் காரணம் இதுதான். இங்கே வடிகட்டி பழுதாகவில்லை, மீட்கும் பகுதிக்குத் தாங்க முடியாத சுமை வந்துவிட்டது.

நீருக்கும் உப்புக்கும் இதே இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீட்பு முடிந்துவிடும். மீதியை ஹென்லே வளைவும் சேய்மை சுருள் நுண்குழலும் சேகரிப்பு நாளமும் தேவையைப் பார்த்துச் செய்கின்றன. வெயிலில் வியர்த்தவரின் உடலில் ஏ.டி.எச். ஹார்மோன் கூடும், சேகரிப்பு நாளம் அதிக நீரை உள்ளே விடும், சிறுநீர் அடர்மஞ்சளாகும்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்பப் பொறுக்குவது வீண் உழைப்பு என்று தோன்றலாம். உண்மையில் இது மிக உறுதியான ஏற்பாடு. கழிவை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு வெளியே எடுப்பதென்றால், உலகில் உள்ள ஒவ்வொரு கழிவுக்கும் நஞ்சுக்கும் தனித்தனிக் கடத்தி வேண்டும். வேண்டியதை மட்டும் அடையாளம் கண்டு மீட்பதென்றால், பட்டியல் சிறியது. உடல் இதற்கு முன் கண்டிராத ஒரு பொருள் ரத்தத்தில் வந்தாலும், அது சிறியதாகவும் நீரில் கரைவதாகவும் இருந்தால், மீட்க யாரும் இல்லாததால் தானாகவே வெளியேறிவிடும். போதாததற்கு, நுண்குழல் செல்கள் சில பொருள்களை ரத்தத்திலிருந்து நேரடியாகவும் சுரந்து சேர்க்கின்றன. பெனிசிலின் அப்படி விரைவாக வெளியேறும் மருந்து. 1941-இல் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் நோயாளிக்கு அதைச் செலுத்தியபோது மருந்து கையிருப்பு மிகக் குறைவாக இருந்ததால், அவருடைய சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்து மறுபடியும் பயன்படுத்தினார்கள்.

வடிகட்டி எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று அறிய மருத்துவர்கள் கிரியேட்டினினைப் பார்க்கிறார்கள். இது தசைகளில் அன்றாடம் ஏறக்குறைய ஒரே அளவில் உருவாகும் கழிவு. வடிந்தபின் யாரும் அதைத் திரும்ப எடுப்பதில்லை. ஒருவருடைய ரத்தத்தில் 100 மி.லி.-க்கு 1 மி.கி. கிரியேட்டினின் இருக்கிறது, நிமிடத்துக்கு 120 மி.லி. வடிகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 1.2 மி.கி. வெளியேறும். தசைகள் உண்டாக்குவதும் அதே அளவு. இப்போது நெஃப்ரான்களில் பாதி கெட்டு, வடிவது 60 மி.லி. ஆகிவிட்டால், வெளியேறுவது 0.6 மி.கி.தான். உண்டாவதோ பழைய 1.2. மிச்சம் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். ரத்தத்தின் அளவு 2 மி.கி. ஆனதும் 60 மி.லி.-யிலேயே 1.2 மி.கி. இருக்கும். அந்த இடத்தில் வரவும் செலவும் மறுபடி சமமாகி, அளவு அங்கேயே நின்றுவிடும். அதாவது, கிரியேட்டினின் 1-இலிருந்து 2 ஆகியிருந்தால் வடிகட்டும் திறனில் பாதி போய்விட்டது என்று பொருள். தசை குறைந்த, மெலிந்த ஒரு பெண்ணுக்கு இயல்பு அளவு 0.6 ஆக இருந்திருக்கலாம். அவருக்கு 1.2 என்று வரும்போது பாதி இழப்பு நடந்திருக்கும், ஆனால் பல ஆய்வகங்களின் அறிக்கையில் அந்த எண் இயல்பு வரம்பை ஒட்டியே தெரியும். எண்ணை மட்டும் பார்க்காமல் வயது, பாலினத்தையும் சேர்த்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டுத் தருவது இதனால்தான்.

இரண்டாவது தடயம் இன்னும் முன்பே கிடைக்கும். துளை அகன்றுபோன பழைய ஃபில்டரில் தூளும் டிகாக்ஷனோடு இறங்கிவிடுவதை வீட்டில் எல்லோரும் கண்டிருப்பார்கள். நீண்ட நாள் கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கிளாமருலஸின் சுவரைச் சிதைக்கும்போது ஆல்புமின் அதே போலக் கசியத் தொடங்குகிறது. அதிகம் கசிந்தால் சிறுநீர் நுரைத்து, நுரை அடங்க நேரமாகும், கண்ணிமையும் காலும் வீங்கும். ஆனால் தொடக்கத்தில் கசிவது கண்ணுக்குத் தெரியாது, வலியும் இருக்காது. சோதனையில் மட்டுமே பிடிபடும். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்த கிரியேட்டினினோடு சிறுநீர் ஆல்புமினையும் சேர்த்துப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.